வாய்ஸ் மெசேஜ் போகிறது, சத்தம் மட்டும் போகவில்லை: மைக் தகராறைக் கண்டுபிடிக்கும் வழி

மைக் பட்டனை அழுத்திப் பிடிக்கிறீர்கள். நொடிகள் ஓடுகின்றன. அரை நிமிடம் பேசி அனுப்புகிறீர்கள். எதிர்முனையிலிருந்து, "ஒண்ணுமே கேக்கல" என்று பதில் வருகிறது. அல்லது பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பதிவு தொடங்கவே மாட்டேன் என்கிறது. இரண்டுமே மைக் கோளாறு போலத்தான் தெரியும். ஆனால் நான் பார்த்த வரையில் மைக் உண்மையிலேயே பழுதாகியிருந்தது கொஞ்சம் தடவைதான். பெரும்பாலும் வேறொரு ஆப் மைக்கைப் பிடித்து வைத்திருக்கும், அல்லது அனுமதி எங்கோ மூடியிருக்கும்.

கீழே உள்ள மெனு பெயர்கள் ஆண்ட்ராய்டு ஆங்கிலத் திரையில் இருப்பவை. ஃபோனுக்கு ஃபோன் ஒன்றிரண்டு சொல் மாறலாம். ஐஃபோனுக்கும் கம்ப்யூட்டருக்கும் தனியாகச் சொல்கிறேன்.

முதலில்: அது நிஜமாகவே மௌனமா?

அனுப்பிய செய்தியை உங்கள் ஃபோனிலேயே போட்டுக் கேளுங்கள். உங்களுக்குக் கேட்டு, எதிராளிக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் தவறு அவர் பக்கம்தான். அவருடைய மீடியா ஒலியளவு பூஜ்யத்தில் இருக்கலாம். சத்தம் எங்கோ கிடக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருக்கலாம். இன்னொன்றும் அடிக்கடி நடக்கும். ஃபோனின் மேல்பக்கம் கையோ கவரோ மறைத்தால், காதில் வைத்துக் கேட்கிறார் என்று ஃபோன் நினைத்துக்கொண்டு, சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கரிலிருந்து காதுப்பக்கச் சின்ன ஸ்பீக்கருக்கு மாற்றிவிடும். மேசையில் வைத்துக் கேட்பவருக்கு அது மௌனம்தான்.

கேட்டுப் பார்க்காமலே கண்ணால் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. வாட்ஸ்அப் போன்ற ஆப்களில் குரல் செய்தியின் மேல் அலைக்கோடு தெரியும். நீங்கள் பேசிய இடங்களில் உயரமும் தாழ்வுமாகக் கோடுகள் இருந்தால் குரல் பதிவாகியிருக்கிறது, சிக்கல் கேட்கும் பக்கம். ஒரே வரிசையில் புள்ளி புள்ளியாகத் தட்டையாக இருந்தால் பதிவிலேயே ஒன்றும் விழவில்லை.

தட்டை என்று தெரிந்தால் ஹெட்ஃபோன் மாட்டி, ஒலியளவைக் கூட்டி ஒரு முறை கேளுங்கள். இங்கே மௌனத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மெல்லிய 'ஸ்ஸ்' என்ற இரைச்சலோ, எங்கோ தூரத்தில் ஃபேன் ஓடுவதுபோன்ற முணுமுணுப்போ கேட்கும். அப்படியென்றால் மைக்கிலிருந்து ஏதோ வருகிறது. அடைப்போ, தவறான மைக்கோ காரணம். மற்றொன்று, கிணற்றில் கல்லைப் போட்டு அடியே தட்டாததுபோல் சுத்தமான வெறுமை. அது பெரும்பாலும் மைக்கின் பிழையாக இருக்காது. சிஸ்டமே உங்கள் ஆப்புக்கு மைக்கின் சத்தத்துக்குப் பதிலாக வெறும் பூஜ்யங்களைக் கொடுத்திருக்கிறது. இரைச்சலை வெட்டும் வசதி உள்ள ஆப்களில் இந்த வித்தியாசம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அதனால் ஃபோனோடு வரும் ரெக்கார்டர் ஆப்பிலும் ஒரு முறை பதிந்து பாருங்கள்.

நொடி ஓடுகிறது, ஆனால் சுத்த மௌனம்

சிஸ்டம் ஏன் பூஜ்யத்தைக் கொடுக்க வேண்டும், 'முடியாது' என்று சொல்லிவிட்டால் என்ன? இந்தத் தலைவலியின் மூலமே இந்த இடம்தான். ஆண்ட்ராய்டு 9 வரை பொதுவாக ஒரு ஆப் மைக்கைத் திறந்திருந்தால் இன்னொன்றால் திறக்கவே முடியாது. பதிவு தொடங்காது. எரிச்சலாக இருந்தாலும் தெளிவாகத் தெரியும். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 அதை மாற்றியது. இரண்டு ஆப்களும் ஒரே நேரத்தில் மைக்கைத் திறக்கலாம், ஆனால் சாதாரண ஆப்கள் இரண்டில் ஒன்றுக்குத்தான் குரல் போகும். மற்றது திறந்தபடியே இருக்கும், நொடி ஓடும், பூஜ்யம் வரும். மௌனமாக்கப்பட்டிருக்கிறோமா என்று ஆப் விசாரித்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஆனாலும் பல ஆப்கள் அதைப் பயனருக்குச் சொல்வதில்லை.

யாருக்குக் குரல் கிடைக்கும் என்பதற்கும் ஒரு முறை உண்டு. இரண்டும் சாதாரணப் பதிவுகள் என்றால் திரையில் முன்னால் இருக்கும் ஆப்புக்குக் கிடைக்கும். எனவே பின்னால் ஓடும் சாதாரண ரெக்கார்டர் உங்கள் வாய்ஸ் மெசேஜைக் கெடுப்பது அரிது. அந்த ரெக்கார்டர்தான் அந்த நேரத்தில் காலியாகப் பதியும். ஆனால் ஒரு ஆப் தன் பதிவை 'அந்தரங்கமானது' என்று குறித்திருந்தால் அதற்கே முன்னுரிமை. வீடியோ பதிவுக்கும் இணைய உரையாடலுக்கும் பயன்படும் மைக் வழிகள் இயல்பாகவே அப்படிக் குறிக்கப்பட்டவை. எல்லாவற்றுக்கும் மேலே அழைப்பு. சாதாரண ஃபோன் அழைப்போ, இணையம் வழி அழைப்போ நடக்கிறது என்று சிஸ்டம் நினைத்தால் குரல் அதற்குத்தான். நீங்கள் முன்னால் எந்த ஆப்பைத் திறந்திருந்தாலும் மௌனம்தான்.

'நினைத்தால்' என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆன்லைன் மீட்டிங்கில் உங்களை ம்யூட் செய்துவிட்டு, அப்படியே வேறு ஆப்புக்கு வந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறீர்கள். ம்யூட் என்பது உங்கள் குரலை மற்றவர்களுக்கு அனுப்பாமல் நிறுத்துவது மட்டும்தான். பல மீட்டிங் ஆப்கள் ம்யூட்டிலும் மைக்கைத் திறந்தே வைத்திருக்கும். அழைப்பு நிலையும் அப்படியே நீடிக்கும். குழுவாக விளையாடும் கேம்களின் வாய்ஸ் சாட்டும் இதே ரகம்.

என் அக்கா ஃபோனில் நடந்ததைச் சொல்கிறேன். மாலையில் அவள் அனுப்பும் குரல் செய்திகள் மட்டும் மௌனமாக வந்துகொண்டிருந்தன. காலையில் அனுப்பியவை நன்றாகக் கேட்டன. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில், ரெக்கார்டரிலும் சத்தம் பதியவில்லை, மைக் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்வது என்று என்னிடம் கேட்டாள். நான் திருப்பிக் கேட்டேன்:

"சாதாரணமா ஃபோன் பேசும்போது அவங்களுக்குக் கேக்குதா?"

"அதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. இது மட்டும்தான் சாயங்காலம் ஆனா மக்கர் பண்ணுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்."

பழுதான மைக்குக்குக் காலை மாலை தெரியாது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாவதும் இல்லை. ஃபோனை வாங்கி, எந்த ஆப்பையும் திறக்காமல் ஒலி பட்டனை ஒரு முறை அழுத்தினேன். மீடியா ஒலியளவு வர வேண்டிய இடத்தில், ஃபோன் ரிசீவர் படத்தோடு அழைப்பு ஒலியளவு வந்தது. அழைப்பு எதுவும் இல்லாதபோது அழைப்பு ஒலியளவு! ஃபோன் இன்னும் அழைப்பில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

மேலே வலது மூலையில் பச்சைப் புள்ளி இருந்தது. ஆண்ட்ராய்டு 12 முதல் ஏதாவது ஒரு ஆப் மைக்கையோ கேமராவையோ பயன்படுத்தினால் அது எரியும். முதலில் மைக் படமாக வந்து, ஓரிரு நொடியில் புள்ளியாகச் சுருங்கிவிடுவதால் பலர் கவனிப்பதில்லை. அறிவிப்புத் திரையைக் கீழே இழுத்து அந்தப் பச்சையைத் தட்டினேன். யார் மைக்கைப் பிடித்திருக்கிறார்கள் என்று பெயரோடு வந்தது: ஒரு கேம். அக்கா மகன் பள்ளியிலிருந்து வந்ததும் நண்பர்களோடு வாய்ஸ் சாட்டில் விளையாடுவான். ஆட்டம் முடிந்ததும் ஹோம் பட்டனைத் தட்டிவிட்டு ஃபோனைக் கொடுத்துவிடுவான். கேம் மூடவில்லை, வாய்ஸ் சாட்டும் நிற்கவில்லை. அறிவிப்புப் பட்டியலில் அது ஓடிக்கொண்டிருப்பதாக ஒரு சின்ன வரியும் இருந்தது. அதை யார் படிக்கிறார்கள்?

கேமுக்குள் போய் வாய்ஸ் சாட்டிலிருந்து வெளியேறியதும் பச்சைப் புள்ளி அணைந்தது. ஒலி பட்டனை அழுத்தினால் மீடியா ஒலியளவு வந்தது. அடுத்த வாய்ஸ் மெசேஜில் கோடுகள் குதித்தன. நிரந்தரத் தீர்வாக அந்த கேமின் மைக் அனுமதியை "Ask every time" என்று மாற்றிக் கொடுத்தேன். பையனுக்குத்தான் கொஞ்சம் முணுமுணுப்பு.

உங்கள் ஃபோனிலும் இதே வரிசையில் பாருங்கள். ஒலி பட்டன் எந்த ஒலியளவைக் காட்டுகிறது, பச்சைப் புள்ளி இருக்கிறதா, தட்டினால் யார் பெயர் வருகிறது. அந்த ஆப்பை முறையாக உள்ளே போய் முடியுங்கள். மீட்டிங் என்றால் வெளியேறுங்கள், கேம் என்றால் வாய்ஸ் சாட்டை நிறுத்துங்கள். அப்படியும் விடவில்லை என்றால் "Settings", "Apps", அந்த ஆப், "Force stop". சமீபத்திய ஆப்கள் பட்டியலில் தள்ளிவிடுவது மட்டும் எப்போதும் போதாது. பின்னணியில் மைக் பிடிக்கும் ஆப் தனியாக ஒரு சேவையை ஓடவிட்டிருக்கும், அது திரையோடு சேர்ந்து சாகாது.

சிக்கல் நேற்று நடந்தது, இப்போது புள்ளி இல்லை என்றால் "Privacy dashboard" உதவும். இதுவும் ஆண்ட்ராய்டு 12 முதல் உண்டு. அதில் "Microphone" என்பதைத் தட்டினால் கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப் எத்தனை மணிக்கு மைக்கைத் தொட்டது என்று வரிசையாகக் காட்டும். மௌனமாகப் போன செய்தியின் நேரத்தை அதோடு ஒப்பிட்டால் போதும்.

பச்சைப் புள்ளியில் வேறு எந்த ஆப்பும் இல்லை, ஒலி பட்டனும் சரியாக இருக்கிறது, ஆனாலும் சுத்த மௌனம் என்றால் மைக்கின் பொதுப் பூட்டைப் பாருங்கள். மேலிருந்து இழுக்கும் விரைவு பட்டன்களில் "Mic access" என்று ஒன்று இருக்கும். டார்ச் போட நினைத்து, விரல் தவறி இதைத் தட்டிவிட்டிருக்கலாம். இது அணைந்திருந்தால் எல்லா ஆப்களுக்கும் பூஜ்யம்தான் போகும். மைக் தடுக்கப்பட்டிருக்கிறது, திறக்கட்டுமா என்று ஒரு பெட்டி வரும். அவசரத்தில் அதை மூடிவிட்டால் அப்புறம் காரணம் புரியாது. பட்டன் இல்லையென்றால் "Settings"-இல் தேடல் கட்டத்தில் "Microphone access" என்று அடித்துப் பாருங்கள்.

கூகுள் அசிஸ்டன்ட்டை அணையுங்கள் என்று எங்கும் ஓர் அறிவுரை சுற்றுகிறது. எனக்கு அதில் பெரிதாக நம்பிக்கை இல்லை. அசிஸ்டன்ட்டுக்கு ஆண்ட்ராய்டில் தனி விதிகள் உண்டு. சாதாரண ஆப்போடு மைக்கைப் பகிர்ந்துகொள்ளும்படிதான் அவை எழுதப்பட்டிருக்கின்றன. அணைத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை, ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம். அதேபோல மெசேஜ் ஆப்பை அழித்து மறுபடி போடுவதும். சிக்கல் வேறொரு ஆப்பில் இருக்கும்போது இதை அழித்து என்ன பயன்? பேக்கப் எடுக்காமல் அழித்தால் பழைய உரையாடல்களும் போய்விடும்.

கம்ப்யூட்டரில் கட்டளை அடித்துப் பழக்கமுள்ளவர்களுக்கு இன்னொரு வழி. "Developer options"-இல் "USB debugging" போட்டு ஃபோனை இணைத்து, வாய்ஸ் மெசேஜ் பதிந்துகொண்டிருக்கும்போதே இதை ஓட்டுங்கள்:

```
adb shell "dumpsys audio | grep 'rec '"
```

இப்படிப்பட்ட வரிகள் வரும்:

```
rec start riid:47 uid:10231 session:385 src:MIC silenced pack:com.example.chat
```

எண்கள் உங்கள் ஃபோனில் வேறாக இருக்கும். பார்க்க வேண்டியது `silenced` என்ற சொல்லை. அது இருந்தால் பதிவு தொடங்கியிருக்கிறது, சிஸ்டம் மௌனமாக்கியிருக்கிறது. `not silenced` என்றிருந்தும் சத்தம் இல்லை என்றால் ஆப் சண்டையை விட்டுவிட்டு மைக் பக்கம் போகலாம். மேல் வரிகளில் `start` ஆகி இன்னும் `stop` ஆகாமல் இருக்கும் வேறொரு `pack:` பெயர்தான் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பட்டனை அழுத்தினாலும் பதிவு தொடங்கவே இல்லை

இங்கே முதல் சந்தேகம் அனுமதி. ஆண்ட்ராய்டு 11 முதல் மைக் அனுமதிக் கேள்விக்கு ஓர் ஆப்பில் இரண்டு முறை "Don't allow" தட்டிவிட்டால், இனிமேல் கேட்காதே என்று சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் கேள்விப் பெட்டி வராது. நல்ல ஆப் என்றால் செட்டிங்ஸுக்குப் போகச் சொல்லும், மற்றவை பட்டனை அழுத்தினாலும் சும்மா இருக்கும். மெசேஜ் ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்து, "App info", "Permissions", "Microphone" போய் "Allow only while using the app" என்று வையுங்கள். ஒரு நாள் வேலை செய்து மறுநாள் மறுபடி கேட்கிறது என்றால், முன்பு "Only this time" என்பதைத் தட்டியிருக்கிறீர்கள். பல மாதம் திறக்காத ஆப்பிலிருந்து சிஸ்டமே அனுமதியைப் பறித்துவிடுவதும் உண்டு.

ஒரே ஆப்பை இரண்டு கணக்குக்காக நகல் எடுத்து வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: நகலுக்கு அனுமதி தனி. அசலுக்குக் கொடுத்தது நகலுக்குச் செல்லாது. 'இந்த வாட்ஸ்அப்பில் பேச முடிகிறது, அந்த வாட்ஸ்அப்பில் முடியவில்லை' என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

அனுமதி சரியாக இருந்தால், அழைப்பு ஏதும் நடக்கிறதா என்று பாருங்கள். சில மெசேஜ் ஆப்கள் அழைப்பின்போது பதிவைத் தொடங்கவே மறுத்துவிடும். மௌனத்தை அனுப்புவதைவிட அது எவ்வளவோ மேல் என்பேன். ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கும் பழைய ஃபோன் என்றால், மேலே சொன்னபடி வேறு எந்த ஆப் மைக்கைத் திறந்திருந்தாலும் இங்கே தொடங்காது. அந்த ஃபோன்களில் பச்சைப் புள்ளியும் கிடையாது. எனவே ஸ்கிரீன் ரெக்கார்டர், அழைப்புப் பதிவு ஆப், வாய்ஸ் டைப்பிங் என்று மைக் சம்பந்தப்பட்டவற்றை ஒவ்வொன்றாக "Force stop" செய்து பார்ப்பதுதான் வழி.

இதையெல்லாம் தேடுவதற்கு முன், ஃபோனில் இடம் மீதி இருக்கிறதா என்றும் பாருங்கள். சேமிக்க இடமில்லாமல் பதிவு நின்ற கதையும் உண்டு. அப்புறம், பல ஆப்களில் மைக்கை லேசாகத் தட்டினால் போதாது, அழுத்திப் பிடிக்க வேண்டும். திரையில் தடித்த பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டியிருந்தால் பிடித்த விரலையே 'எடுத்துவிட்டார்' என்று ஃபோன் நினைக்கும். பட்டனைப் பிடித்தபடி விரலை மேலே தள்ளிப் பூட்டிவிட்டுப் பேசினால் அந்தத் தொல்லை இல்லை. பூட்டிய நிலையில் பல ஆப்களில் அலைக்கோடு நேரடியாக ஓடுவதும் தெரியும். பேசும்போதே கோடு குதிக்கிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளலாம்.

கேட்கிறது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து

குரல் மங்கலாக, தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தால் முதலில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி பதியுங்கள். இணைந்திருக்கும் இயர்பட் வழியாகச் சில ஆப்கள் பதிவு செய்யும். இயர்பட் பைக்குள்ளோ பக்கத்து அறையிலோ இருந்தால் அங்கே கேட்பதுதான் பதிவாகும். காதிலேயே இருந்தாலும் தரம் குறையலாம். ப்ளூடூத்தில் பாட்டு வரும் வழி வேறு, மைக் குரல் போகும் வழி வேறு. மைக் வழியின் பழைய முறையில் நொடிக்கு 8,000 மாதிரிகள்தான், சற்றுப் புதிய முறையில் 16,000. பழைய தொலைபேசிக் குரல்போல் ஒலிக்கக் காரணம் அதுதான். பாட்டுக்கு மட்டும் இயர்பட் போதும் என்றால், ப்ளூடூத் பட்டியலில் அதன் பக்கத்தில் உள்ள பற்சக்கரத்தைத் தட்டி, "Phone calls" அல்லது "Calls" என்பதை அணைத்துவிடுங்கள். அப்புறம் ஃபோனின் சொந்த மைக்தான் பதிவு செய்யும்.

கம்பி இயர்ஃபோன் மாட்டும் ஃபோன்களில் இன்னொரு கூத்து நடக்கும். துளைக்குள் பஞ்சோ ஈரமோ இருந்தால், மைக் உள்ள இயர்ஃபோன் மாட்டியிருப்பதாக ஃபோன் நம்பிவிடும். இல்லாத மைக்கிலிருந்து பதிய முயலும். மேலே ஹெட்ஃபோன் படம் சும்மாவே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், ஓர் இயர்ஃபோனை நான்கைந்து முறை செருகி எடுத்துப் பாருங்கள். ஈரம் என்றால் காயும்வரை பொறுக்க வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால் அடைப்பு. பெரும்பாலான ஃபோன்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மைக் இருக்கும். கீழே சார்ஜ் துளைக்குப் பக்கத்தில் ஒன்று, மேல் விளிம்பில் ஒன்று, சிலவற்றில் பின் கேமரா அருகே இன்னொன்று. வாய்ஸ் மெசேஜுக்குப் பொதுவாக வேலை செய்வது கீழ் மைக். ரெக்கார்டரை ஓடவிட்டு, ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உயிரோடிருக்கும் மைக் என்றால் கோடு எகிறும். கீழே சுரண்டினால் அசையாமல், மேலே சுரண்டும்போது மட்டும் எகிறினால் கீழ் மைக் அடைத்திருக்கிறது அல்லது போய்விட்டது. கவரைக் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். கவரில் துளை கொஞ்சம் தள்ளி வெட்டப்பட்டிருந்தாலும் இதே கதைதான். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துளையை மேலோட்டமாகத் தட்டிவிடுங்கள். ஊசியோ, சிம் எடுக்கும் கம்பியோ உள்ளே போகக் கூடாது. சிம் தட்டின் துளை என்று நினைத்து மைக் துளையில் குத்தி, நன்றாக இருந்த மைக்கைக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

பாதிவரை கேட்டு, நடுவில் நின்றுபோனால்

பேசிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்திருக்கும். அல்லது திரை அணைந்தோ, வேறு ஆப்புக்கு மாறியோ இருப்பீர்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் பின்னணிக்குப் போன ஆப்புக்கு, அது அறிவிப்போடு ஓடும் சேவை வைத்திருந்தாலொழிய, மைக் கிடைக்காது. நீண்ட செய்தியைப் பூட்டிப் பேசும்போது வேறு ஆப்புக்குப் போகாமல் இருந்தால் இது வராது.

ஐஃபோனிலும் கம்ப்யூட்டரிலும்

ஐஃபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், மைக் பயன்பாட்டில் இருந்தால் மேலே ஆரஞ்சுப் புள்ளி எரியும். கன்ட்ரோல் சென்டரை இழுத்தால் ஆப் பெயர் தெரியும். அனுமதிகள் "Settings", "Privacy & Security", "Microphone" என்ற இடத்தில். அங்கே பட்டன் சாம்பல் நிறத்தில் அசையாமல் இருந்தால் "Screen Time"-இல் "Content & Privacy Restrictions" என்பதில் யாரோ பூட்டியிருக்கிறார்கள். குழந்தைகள் பயன்படுத்தும் ஃபோனில் இது சகஜம்.

கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாகப் பேசுபவர்கள் இரண்டு அனுமதிகளைப் பார்க்க வேண்டும். ஒன்று அந்தத் தளத்துக்கு பிரவுசர் தருவது. குரோமில் முகவரிக் கட்டத்தில் இதை அடித்தால் வரும்:

```
chrome://settings/content/microphone
```

மற்றது பிரவுசருக்கு சிஸ்டம் தருவது. விண்டோஸ் 11-இல் "Privacy & security", "Microphone" போய், "Let desktop apps access your microphone" திறந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் பல ஆப்கள் மைக்கைப் பகிரலாம். ஆனால் மைக்கின் பண்புகளில் "Allow applications to take exclusive control of this device" என்ற குறி இருந்தால், ஓர் ஆப் மற்றவற்றை வெளியே தள்ளி மைக்கைத் தனக்கு மட்டும் எடுத்துக்கொள்ள முடியும். தகராறு என்றால் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். ஹெட்செட் கம்பியில் இருக்கும் ம்யூட் பொத்தானையும் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிடுங்கள். அரை மணி நேரம் தேடிவிட்டுக் கடைசியில் அதைக் கண்டுபிடித்தவர்களில் நானும் ஒருவன்.

மைக்தான் போய்விட்டது என்று எப்போது சொல்லலாம்

ஃபோனை ரீஸ்டார்ட் செய்து, வேறு எந்த ஆப்பையும் திறக்காமல், ப்ளூடூத்தை அணைத்து, கவரைக் கழற்றி, ரெக்கார்டரில் பதியுங்கள். அப்போதும் மௌனம், சாதாரண அழைப்பில் ஃபோனைக் காதில் வைத்துப் பேசினாலும் எதிராளிக்குக் கேட்கவில்லை, ஆனால் ஸ்பீக்கரில் போட்டாலோ வீடியோ எடுத்தாலோ குரல் பதிகிறது என்றால் கீழ் மைக் பழுது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ஸ்பீக்கர் அழைப்புக்கும் வீடியோவுக்கும் பல ஃபோன்கள் மற்ற மைக்குகளையும் பயன்படுத்துவதால்தான் அவை தப்பிக்கின்றன. பழுது பார்க்கக் கொடுக்கும்போது 'மைக் வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொல்லாமல், எதில் கேட்கிறது, எதில் கேட்கவில்லை என்று இந்த விவரத்தோடு சொல்லுங்கள். பல ஃபோன்களில் கீழ் மைக்கும் சார்ஜ் துளையும் ஒரே சின்னப் பலகையில்தான் இருக்கும். சார்ஜ் ஏறுவதிலும் சமீபத்தில் தகராறு வந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அந்தப் பலகையைத்தான் அவர்கள் முதலில் திறந்து பார்ப்பார்கள்.